ஆப்பின் தோற்றம் மொத்தமாக மாறியபின் ஸ்டோர் பக்கத்தில் என்ன எழுதுவது?

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைகளும், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகை போடும் விவசாயிகளும் பயன்படுத்தும் ஒரு சின்ன கணக்கு ஆப்பை நாங்கள் சிலர் சேர்ந்து நடத்துகிறோம். யார் எத்தனை கிலோ பூ கொண்டுவந்தார், அன்றைய விலை என்ன, கமிஷன் போக எவ்வளவு, முன்பணம் எவ்வளவு கழிந்தது, பாக்கி என்ன என்று பதியும் ஆப். இதன் தோற்றத்தைத் தலைகீழாக மாற்றி வெளியிட்டபோது, நிரல் எழுதியதை விட அதிகமாக எங்களைப் படுத்தியது, புதிய பதிப்பில் என்ன மாறியது என்று ஸ்டோர் பக்கத்தில் சொல்லும் அந்தச் சின்னச் செய்திதான். முதல் முறை இதைச் செய்யப்போகிறவர்களுக்காக, எதை எப்போது எப்படி எழுதுவது என்று வரிசையாகச் சொல்கிறேன். கூகுள் பிளே ஸ்டோரை வைத்தே சொல்கிறேன், எங்கள் ஆட்களிடம் இருப்பதெல்லாம் ஆண்ட்ராய்டு போன்தான். ஐபோன் பற்றி இடையில் ஒரு வார்த்தை வரும்.

1. யார் படிக்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலானோருக்கு ஆப் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். போன் சார்ஜில் கிடக்கும்போது, வைஃபை இருக்கும்போது, ஆள் தூங்கும்போது அது நடந்துவிடும். அவர்கள் விடியற்காலையில் மார்க்கெட்டில் நின்று ஆப்பைத் திறக்கும்போதுதான் எல்லாம் மாறியிருப்பதைப் பார்ப்பார்கள். உங்கள் செய்தியை அவர்கள் முன்கூட்டிப் படித்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் ஸ்டோர் பக்கத்துக்கு வருபவர் யார்? ஏற்கெனவே குழம்பிப்போய், "என்ன ஆச்சு இதுக்கு?" என்று தேடி வருபவர். அல்லது, புதுப்பிக்கலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்பவர். இரண்டு பேருக்கும் நீங்கள் பட்ட பாட்டைக் கேட்க நேரமில்லை. தன் பொருள் எங்கே போனது என்பதுதான் அவர்கள் கேள்வி.

எங்களுக்கு வந்த போன்களில் ஒன்று இது. ஒரு கடையின் கணக்குப்பிள்ளை கூப்பிட்டார்: "தம்பி, பழைய பாக்கியெல்லாம் அழிஞ்சு போச்சா? முப்பது பேர் கணக்கு அதுல இருக்கு." எதுவும் அழியவில்லை. பாக்கிப் பக்கம் மேலிருந்து கீழே வந்திருந்தது, அவ்வளவுதான். அவர் புதிய நிறத்தைப் பற்றியோ வேகத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. செய்தியின் முதல் வரி எதுவாக இருக்க வேண்டும் என்பது அந்த ஒரு கேள்வியிலேயே இருக்கிறது.

2. எழுத உட்காருமுன் கையில் இருக்க வேண்டியவை

- பழைய திரைகளின் படங்களும் புதிய திரைகளின் படங்களும், ஜோடி ஜோடியாக. நினைவை வைத்து எழுதினால் ஒன்றிரண்டு கட்டாயம் விட்டுப்போகும்.
- மக்கள் தினமும் செய்யும் மூன்று நான்கு வேலைகளின் பட்டியல். எங்கள் ஆப்பில் எடை பதிவது, பாக்கி பார்ப்பது, மாதச் சீட்டு எடுப்பது, அதாவது மாதக் கணக்கை அச்சடித்து எடுப்பது. ஆப்பில் நாற்பது வசதி இருந்தாலும் செய்தியில் இடம் இந்த மூன்றுக்குத்தான்.
- புதிய பொத்தான்களில் உள்ள பெயர்கள், எழுத்துப் பிசகாமல். திரையில் ‘பாக்கி’ என்று இருந்து, செய்தியில் ‘நிலுவை’ என்று எழுதினால், தேடுகிறவர் நிலுவையைத்தான் தேடுவார்.
- நீங்கள் எடுத்துவிட்ட வசதிகள். இதை யாரும் எழுதி வைப்பதில்லை. ஆனால் ஒற்றை நட்சத்திர விமர்சனம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

பொத்தான் பெயர்கள் இறுதியாகும் முன்பே செய்தியை எழுதி முடிக்காதீர்கள். வடிவமைப்பவர் கடைசி நாளில் ‘பட்டியல்’ என்பதை ‘வரவு’ என்று மாற்றிவிட்டால், செய்தியை யாரும் திரும்ப எடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

3. என்ன வரிசையில் சொல்வது

முதலில் தோற்றம் மாறியிருக்கிறது என்பதும், பழைய பதிவுகள் பத்திரமாக இருக்கின்றன என்பதும். இரண்டும் ஒரே மூச்சில் வர வேண்டும். ஸ்டோர் பக்கத்தில் ஆரம்ப வரிகள்தான் கண்ணில் படும், மீதியைத் தொட்டுத்தான் விரிக்க வேண்டும். விரிக்காதவருக்கும் அந்த நிம்மதி போய்ச் சேர வேண்டும்.

அடுத்து, தினசரி வேலைகள் இப்போது எங்கே இருக்கின்றன. வேலையின் பெயரை முன்னால் போட்டு இடத்தைப் பின்னால் சொல்லுங்கள். ‘கீழே நடுவில் உள்ள + பொத்தானைக் கொண்டு எடையைப் பதியலாம்’ என்பதை விட, ‘எடை பதிய: கீழே நடுவில் உள்ள + பொத்தான்’ என்பது ஒரு பார்வையிலேயே பிடிபடும். தேடுகிறவர் மனதில் இருப்பது ‘எடை’ என்ற சொல், அவர் கண் அதைத்தான் துழாவும்.

அப்புறம், அவர் இப்போது செய்ய வேண்டியது அல்லது செய்யக்கூடாதது ஏதாவது இருந்தால் அது. எங்கள் விஷயத்தில், புதுப்பித்தபின் சிலரிடம் ஆப் போன் நம்பரை மறுபடி கேட்டது. உடனே மகனுடைய நம்பரைக் கொடுத்துப் புதுக் கணக்கு தொடங்கி, உள்ளே எல்லாம் காலியாக இருப்பதைப் பார்த்துப் பதறியவர்கள் உண்டு. இப்படி ஒன்று உங்கள் ஆப்பில் இருந்தால் அதற்கு ஒரு முழு வரி ஒதுக்குங்கள்.

கடைசியில் யாரைக் கேட்பது என்பது.

வேகம் கூடியது, நிறம் மாறியது, பிழைகள் நீங்கின என்பதெல்லாம் இடம் மிஞ்சினால் மட்டும். எங்கள் செய்தியில் மிஞ்சவில்லை.

வசதி ஒன்றை நீக்கியிருந்தால் ‘எளிமையாக்கியிருக்கிறோம்’ என்று மழுப்பாதீர்கள். ‘இன்ன வசதி இனி இல்லை, அதற்குப் பதில் இன்னதைச் செய்யுங்கள்’ என்று நேராகச் சொல்லுங்கள். இல்லை என்று தெரிந்துவிட்டால் ஆள் தேடுவதை நிறுத்திவிடுவார். தெரியாவிட்டால் காலை நேரத்தில் கால்மணி நேரம் தேடிவிட்டுத்தான் உங்களைக் கூப்பிடுவார், அப்போது பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

4. ஒரு செய்தியை எழுதிப் பார்ப்போம்

எல்லோருக்கும் முதலில் கைக்கு வரும் செய்தி இப்படித்தான் இருக்கும்:

> புத்தம் புதிய வடிவமைப்பு! பயனர் அனுபவம் மேம்படுத்தப்பட்டுள்ளது. செயல்திறன் அதிகரிக்கப்பட்டுள்ளது. பல பிழைகள் சரிசெய்யப்பட்டுள்ளன.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதை எந்த ஆப்புக்கும் ஒட்டலாம், பேருந்து டிக்கெட் ஆப்புக்கும் பொருந்தும். கணக்குப்பிள்ளையின் கேள்விக்கு இதில் பதில் இல்லை. ‘பயனர் அனுபவம்’ என்பது நம் அலுவலகத்துக்குள் பேசிக்கொள்ளும் சொல், மார்க்கெட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ‘மேம்படுத்தப்பட்டுள்ளது’ என்பது யார் செய்தார், எதைச் செய்தார் என்று எதையும் சொல்லாமல் முடிந்துபோகிறது.

நாங்கள் கடைசியில் வைத்தது:

```
<ta-IN>
ஆப்பின் தோற்றம் மாறியிருக்கிறது. உங்கள் பழைய கணக்கு எல்லாம் அப்படியே இருக்கிறது.
எடை பதிய: கீழே நடுவில் உள்ள + பொத்தான்.
கடை பாக்கி பார்க்க: வலது ஓரத்தில் ‘பாக்கி’.
மாதச் சீட்டு எடுக்க: ‘பட்டியல்’ பக்கத்தின் மேல்மூலை.
மறுபடி போன் நம்பர் கேட்டால் பழைய நம்பரையே கொடுங்கள். புதுக் கணக்கு தொடங்க வேண்டாம்.
சந்தேகம் இருந்தால் ‘உதவி’யைத் தொடுங்கள்; எங்கள் நம்பர் அங்கே இருக்கிறது.
</ta-IN>
```

மேலும் கீழும் உள்ள `<ta-IN>` என்பது மொழிக் குறி. Play Console-இல் வெளியீட்டைத் தயார் செய்யும் பக்கத்தில் Release notes என்று ஒரு பெட்டி இருக்கும். ஒவ்வொரு மொழிக்கும் உரிய குறிகளுக்கு நடுவில் அந்த மொழிச் செய்தியை வைக்க வேண்டும். குறியை அழித்துவிட்டாலோ ஒரு எழுத்து பிசகினாலோ பெட்டி ஏற்காது.

இந்த ஆறு வரியை எழுதியபின் ஒரு சோதனை செய்யுங்கள். Play Console-இல் Internal testing என்று ஒரு வழி உண்டு, 100 பேர் வரை சேர்த்து வெளியீட்டுக்கு முன்பே ஆப்பைக் கொடுக்கலாம். அதில் இரண்டு மூன்று நிஜமான பயனர்களைச் சேர்த்து, புதிய ஆப்பைப் போட்டுக் கொடுத்து, செய்தியை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். பிறகு "போன வார பாக்கி எவ்வளவுண்ணே?" என்று கேளுங்கள். விரல் நேராக அந்தப் பொத்தானுக்குப் போகிறதா என்று பாருங்கள். விரல் திரையின் மேல் அலைந்தால் வரி சரியில்லை. எங்கள் செய்தியில் ‘வலது ஓரத்தில்’ என்பது முதலில் ‘கீழ்ப்பட்டையில்’ என்று இருந்தது. பட்டை என்றதும் ஒரு அண்ணன் போனையே திருப்பிப் பார்த்தார். மாற்றிவிட்டோம். அருகில் நின்று விளக்கிவிடாதீர்கள், நீங்கள் வாயைத் திறந்தால் சோதனை வீண்.

5. 500 என்பது 500 எழுத்து அல்ல

பிளே ஸ்டோரில் ஒரு மொழிக்கு 500 யூனிகோடு குறிகள் வரை எழுதலாம். இதைக் கேட்டு, தாராளமாக இருக்கிறது என்று தோன்றும். தமிழில் எழுதி ஒட்டும்போதுதான், கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும் செய்தி எல்லையைத் தாண்டி நிற்கும்.

காரணம் எளிது. மெய் எழுத்தும் உயிர்மெய் எழுத்தும் கணினிக்குப் பெரும்பாலும் இரண்டு குறிகள். ‘ம’ ஒன்று. ‘ல்’ என்பது ல-வும் புள்ளியும், ஆக இரண்டு. ‘லி’ இரண்டு, ‘கை’ இரண்டு. ‘மல்லிகை’ நமக்கு நான்கு எழுத்து, கணக்கில் ஏழு. இடைவெளியும் அடுத்த வரிக்குப் போவதும்கூட ஒவ்வொரு குறியாகக் கழியும். கணினியில் பைதான் இருந்தால் இப்படிச் சரிபார்க்கலாம்:

```
python3 -c 'print(len("மல்லிகை"))'
```

7 என்று வரும். உங்கள் செய்தி முழுவதையும் அந்த மேற்கோளுக்குள் வைத்தும் பார்க்கலாம், வரிகளை மட்டும் ஒரே வரியாக இணைத்துக்கொள்ளுங்கள். மேலே கொடுத்த எங்கள் செய்தி சுமார் 375 வருகிறது. நடைமுறையில் தமிழில் ஐம்பது சொல் சுற்றளவில் நிறுத்திக்கொண்டால் பயமில்லை.

இடம் போதாதபோது வரியை நெருக்கி எழுதுவதை விட, ஒரு வரியை அப்படியே எடுத்துவிடுவது நல்லது. ‘புதுப்பிக்கப்பட்டிருக்கிறது’ போன்ற நீண்ட வினைகள்தான் அதிகம் தின்னும். ‘மாறியிருக்கிறது’, ‘இருக்கிறது’ என்று எழுதினால் இடமும் மிஞ்சும், வாசிக்கவும் சுலபம்.

ஐபோன் ஸ்டோரில் 4000 வரை எழுதலாம். அதற்காக நீட்டாதீர்கள், அங்கேயும் முதல் சில வரிகள்தான் வெளியே தெரியும். இன்னொன்று, அங்கே ஒரு பதிப்பு வெளியானபின் இந்தச் செய்தியைத் திருத்த முடியாது, திருத்த வேண்டுமானால் அடுத்த பதிப்பு அனுப்ப வேண்டும். அதனால் பிழை பார்ப்பதை அனுப்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

6. தமிழில் எழுதினால் தமிழில் தெரியும் என்று நினைக்காதீர்கள்

நம் பக்கத்து ஆட்களில் நிறையப் பேர் தமிழில்தான் படிப்பார்கள், ஆனால் போனை ஆங்கிலத்தில் வைத்திருப்பார்கள். கடையில் வாங்கும்போது எப்படி இருந்ததோ அப்படியே விட்டிருப்பார்கள். ஸ்டோர் எந்த மொழிச் செய்தியைக் காட்டுவது என்பதைப் போனின் மொழியை வைத்துத்தான் முடிவு செய்கிறது. நீங்கள் பாடுபட்டு எழுதிய தமிழ்ச் செய்தி அவர்களுக்குத் தெரியாது, ஆங்கிலக் குறிக்குள் இருப்பதுதான் தெரியும்.

அதனால் ஆங்கிலப் பெட்டியை ஒப்புக்கு நிரப்பாதீர்கள். எங்கள் ஆங்கிலச் செய்தியில் மேலே இரண்டு எளிய ஆங்கில வரி, அதன் கீழே தமிழ் வரிகள் வைத்தோம். இரண்டும் சேர்ந்து அதே 500-க்குள் அடங்க வேண்டும் என்பதால் மாதச் சீட்டு வரியை விட்டுவிட்டு, பழைய கணக்கு பத்திரம் என்பதையும், எடையையும், போன் நம்பர் எச்சரிக்கையையும் மட்டும் தமிழில் வைத்தோம்.

செய்திக்கு முன்னால் ஸ்டோர் பக்கத்திலேயே தமிழ் மொழிபெயர்ப்பு சேர்த்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். ஆப்பின் பெயர், குறுவிளக்கம், நெடுவிளக்கம் தமிழில் இருந்தால்தான் பக்கம் முழுசாகத் தமிழில் தெரியும். பெயருக்கு 30, குறுவிளக்கத்துக்கு 80 என்பதே எல்லை.

பக்கத்தில் உள்ள திரைப் படங்களையும் அதே நாளில் மாற்ற வேண்டும். செய்தியில் ‘கீழே நடுவில் + பொத்தான்’ என்று எழுதியிருக்க, மேலே உள்ள படத்தில் பழைய திரை இருந்தால் மக்கள் படத்தைத்தான் நம்புவார்கள்.

7. எப்போது வெளியிடுவது, என்ன செலவு

செலவு என்று பெரிதாக இல்லை. கூகுள் டெவலப்பர் கணக்குக்கு 25 டாலர் ஒரே ஒரு முறை கட்டியிருப்பீர்கள். புதுப்பிப்புக்கும் செய்திக்கும் தனிக் கட்டணம் கிடையாது. ஆப்பிளில் வருடத்துக்கு 99 டாலர். செலவு உண்மையில் முதல் வாரம் போனை எடுத்துப் பதில் சொல்ல ஒரு ஆளை உட்கார வைப்பதில்தான் இருக்கிறது. செய்தியின் கடைசி வரியில் நம்பர் இருக்கிறது என்று சொல்லிவிட்டால், அந்த நம்பரை யாராவது எடுத்தாக வேண்டும். மார்க்கெட் ஆட்கள் விடியுமுன் கூப்பிடுவார்கள், பத்து மணி அலுவலக நேரம் அங்கே செல்லாது.

நேரம்தான் கவனிக்க வேண்டியது. கூகுளின் பரிசோதனை சில மணி நேரத்திலும் முடியலாம், ஏழு நாள் வரையும் இழுக்கலாம், அபூர்வமாக அதற்கு மேலும் போகலாம். முடிந்ததும் தானாக வெளியாகும்படி விட்டுவைத்தால், அது முகூர்த்த நாளுக்கு முந்தின ராத்திரி வந்து விழ வாய்ப்புண்டு. மல்லிகை விலை எகிறி, கடையில் நிற்க இடமில்லாத காலையில் எந்தக் கணக்குப்பிள்ளையும் புதுத் திரையைப் பழக விரும்ப மாட்டார். Play Console-இல் Managed publishing என்பதை முன்கூட்டியே இயக்கி வைத்துவிடுங்கள். பரிசோதனை முடிந்தாலும் நீங்கள் அழுத்தும்வரை எதுவும் வெளியே போகாது. பஞ்சாங்கத்தைப் பார்த்து, முகூர்த்தமோ பண்டிகையோ ஒட்டாத வாரத்தில் திங்கள் அல்லது செவ்வாய் அழுத்துங்கள். சனிக்கிழமை வேண்டாம், உங்கள் ஆட்கள் ஊருக்குப் போயிருப்பார்கள்.

ஒரே நாளில் எல்லோருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. முதலில் நூற்றுக்குப் பத்து பேருக்கு, இரண்டு மூன்று நாள் கழித்து மீதிக்கு என்று சதவீதம் வைத்துத் தரலாம். ஆனால் அந்தப் பத்து பேர் யார் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரே கடையில் முதலாளி போனில் புதுசும் கணக்குப்பிள்ளை போனில் பழசும் இருக்கும், ஒருவர் சொல்லும் இடம் இன்னொருவருக்கு இருக்காது. போனில் பதில் சொல்பவர் முதல் கேள்வியாக "கீழே + குறி தெரியுதாண்ணே?" என்று கேட்கப் பழகிக்கொண்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

8. வெளியிட்டபின் நடக்கும் ஒரு விஷயம்

பெரிய மாற்றத்துக்குப் பின் சின்னப் பிழைகள் வரத்தான் செய்யும். இரண்டு நாளில் திருத்தி அடுத்த பதிப்பை அனுப்புவீர்கள். அப்போது பெட்டியில் ‘பிழை திருத்தம்’ என்று இரண்டு சொல் எழுதி அனுப்பினால், ஸ்டோர் பக்கத்தில் அதுதான் தெரியும். நீங்கள் உழைத்து எழுதிய ஆறு வரியும் போய்விடும். பயனர்களில் பெரும்பகுதி அந்த இரண்டாவது பதிப்புக்குத்தான் நேரடியாக வருவார்கள், அவர்களுக்குத் தோற்றம் மாறியதைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடைக்காது.

அதனால் முதல் ஒரு மாதத்துக்கு வரும் ஒவ்வொரு சின்னப் பதிப்பிலும் அதே ஆறு வரியைத் திரும்ப வையுங்கள். பழைய வெளியீட்டிலிருந்து செய்தியை நகலெடுக்கும் வசதி அந்தப் பெட்டியின் அருகிலேயே இருக்கிறது. பிழை திருத்தத்தைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் ஏழாவது வரியாகச் சேருங்கள், மேலே வேண்டாம்.

விமர்சனங்களுக்குப் பதில் எழுதும்போது எல்லை 350 குறி. அங்கேயும் அந்த ஆளின் கேள்விக்கான வரியை மட்டும் செய்தியிலிருந்து எடுத்துப் போடுங்கள். ‘பாக்கி காணோம்’ என்பவருக்கு ‘வலது ஓரத்தில் பாக்கி’ போதும். ஒரே கேள்வி நான்கைந்து பேரிடமிருந்து வந்தால் செய்தியில் அந்த வரி இல்லை, அல்லது இருந்தும் புரியவில்லை என்று பொருள். அடுத்த சின்னப் பதிப்பில் அதை மாற்றுங்கள். எங்களுக்கு மாதச் சீட்டு வரி அப்படித்தான் மாறியது, ‘மேல்மூலை’ என்பதை ‘மேல் வலது மூலையில் பிரிண்டர் படம்’ என்று ஆக்கியபின் அந்தக் கேள்வி வருவது நின்றது.

‘ஐந்து நட்சத்திரம் கொடுங்கள்’, ‘நண்பர்களுக்குப் பகிருங்கள்’ என்பதை இந்தப் பெட்டியில் எழுதாதீர்கள். விளம்பரத்துக்கோ, பயனரை எதையாவது செய்யத் தூண்டுவதற்கோ இதைப் பயன்படுத்தக்கூடாது என்று கூகுளே சொல்கிறது.